பாரிஸ் விசா ரீயூனியனுக்குச் செல்லாது: கோயில் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

ரீயூனியன் தீவிலுள்ள தமிழ்க் கோயில் சங்கங்களின் தலைவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

தைப்பூசக் காவடிக்கும் தீமிதிக்கும் ஊரிலிருந்து குருக்களையும் நாகஸ்வர, தவில் கலைஞர்களையும் அழைக்கிறீர்கள். அவர்களில் பலருக்கு நான் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். இனி யாரையும் அழைக்குமுன் அவர் கையிலுள்ள விசா எந்த மண்ணுக்கு உரியது என்று தயவுசெய்து பாருங்கள்.

போன தைப்பூசத்துக்கு வரவேண்டியிருந்த ஒரு தவில் வித்வானின் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பாரிஸில் கச்சேரி செய்யப் போனபோது வாங்கிய, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா அவரிடம் இருந்தது. பலமுறை நுழையலாம், காலக்கெடுவும் முடியவில்லை. "பிரான்ஸ் விசாதான் இருக்கிறதே, ரீயூனியனும் பிரான்ஸ்தானே" என்று அழைத்தவர்கள் டிக்கெட் போட்டுவிட்டார்கள். விலை குறைவென்று சென்னை–மொரிஷியஸ் தனியாக, மொரிஷியஸ்–ரீயூனியன் தனியாக இரண்டு டிக்கெட். சென்னையில் மொரிஷியஸ் வரைக்கும்தான் பார்த்தார்கள். இந்தியர்கள் சுற்றுலாவாக அங்கே இறங்க முன்கூட்டியே விசா வாங்க வேண்டியதில்லை என்பதால் விட்டுவிட்டார்கள். மொரிஷியஸில் அடுத்த விமானத்துக்கான கவுண்டரில் விசா ஸ்டிக்கரைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். இங்கே காவடி புறப்பட்டபோது அவர் தவிலோடு மொரிஷியஸில் ஒரு விடுதியில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதைத் தாண்டிய மனிதர். எனக்கு இன்னும் ஆறவில்லை.

கவுண்டரில் இருந்த பெண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. சரியான ஆவணம் இல்லாத ஒருவரை வெளிநாட்டிலிருந்து ஏற்றிவந்தால் விமான நிறுவனத்துக்கு ஒரு பயணிக்கு 10,000 யூரோ வரை அபராதம் விதிக்கப் பிரெஞ்சுச் சட்டம் இடம் தருகிறது. திருப்பி அனுப்பும் செலவும் அவர்கள் தலையில்தான். அதனால் எல்லைக் காவலரின் வேலையில் பாதியை விமான நிறுவனமே செய்துவிடுகிறது.

ரீயூனியன் 1946 முதல் பிரான்ஸின் ஒரு மாவட்டம். யூரோ புழங்குகிறது, ஐரோப்பிய ஒன்றியத்திலும் சேர்த்தி. ஆனால் 1990 ஷெங்கன் உடன்படிக்கையின் 138வது பிரிவு, பிரான்ஸைப் பொறுத்தவரை அது ஐரோப்பிய நிலப்பரப்புக்கு மட்டுமே பொருந்தும் என்கிறது. ஆக ஒரே அரசுக்கு இரண்டு நுழைவாயில்கள். பாரிஸுக்கு ஷெங்கன் விசா, இங்கே வரக் கடல்கடந்த மாவட்டங்களுக்கான விசா. விசா ஸ்டிக்கரின் மேல்வரியிலேயே எங்கே செல்லும் என்று அச்சிட்டிருப்பார்கள். அங்கே ஷெங்கன் நாடுகள் என்று மட்டும் இருந்தால் அதைக் கொண்டு இங்கே நுழைய முடியாது. இங்கே தங்கும் நாட்களும் 180 நாளில் 90 நாள் வரைதான் தங்கலாம் என்ற ஷெங்கன் கணக்கில் சேராது.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. கலைஞர் முதலில் பாரிஸ் போய், பிறகு இங்கே வந்து, மறுபடி பாரிஸ் வழியாக ஊர் திரும்புவதாக இருந்தால் அவருக்கு இரண்டு விசாவும் வேண்டும். அதிலும் ஷெங்கன் விசா ஒருமுறை மட்டும் நுழையும் வகையாக இருக்கக் கூடாது. பாரிஸிலிருந்து இங்கே வந்தாலே ஷெங்கனை விட்டு வெளியேறியதாகிவிடும். திரும்பிப் போனால் அது இரண்டாவது நுழைவு.

விண்ணப்பிக்கும்போது பிரான்ஸ் அரசின் விசா இணையதளம் எங்கே போகிறீர்கள் என்று முதலிலேயே கேட்கும். அந்தக் கேள்விக்குப் பழக்கத்தில் பிரான்ஸ் என்று குறித்துவிடாமல் ரீயூனியனைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான தவறு அங்கேதான் நடக்கிறது.

அப்புறம் அழைப்புக் கடிதம். கச்சேரிக்கு வருகிறவரை "நண்பர், சுற்றிப்பார்க்க வருகிறார்" என்று எழுதாதீர்கள். விசா அதிகாரி படிவம், கடிதம், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் ஒப்பிட்டுத்தான் பார்ப்பார். நோக்கம் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் மறுத்துவிடுவார். எந்த விழா, எந்தத் தேதிகள், எங்கே தங்குவார், சம்பாவனை எவ்வளவு, டிக்கெட் யார் பொறுப்பு என்பதை உள்ளபடி எழுதிச் சங்கத்தின் பதிவுச் சான்றை இணையுங்கள். அதன் நகலைக் கலைஞர் கைப்பையிலும் வைத்திருக்க வேண்டும். விசா இருந்தாலும் நம் விமான நிலையத்தில் எல்லைக் காவலர் அதைக் கேட்கலாம், திருப்தி இல்லையென்றால் உள்ளே விடாமலும் இருக்கலாம்.

வரும் தைப்பூசத்துக்கான வேலையை அக்டோபரிலேயே தொடங்குங்கள். விசா கைக்கு வந்ததும் அந்த ஸ்டிக்கரைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். மேல்வரியை உங்களில் ஒருவர் படித்துப் பார்த்த பிறகே டிக்கெட்டுக்குப் பணம் கட்டுங்கள். அதுவும் சென்னையிலிருந்து இங்கே வரை ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும். ஏதாவது குறை இருந்தால் ஊரிலேயே தெரிந்துவிடும். படிவத்தில் சந்தேகம் என்றால் எந்தச் சங்கமானாலும் என்னைக் கூப்பிடலாம், உட்கார்ந்து சேர்ந்தே நிரப்புவோம்.

அன்புடன்,
சேன் தெனியிலிருந்து, உங்களுக்குப் படிவம் நிரப்பித் தரும் புதுச்சேரிக்காரர்