கோட்டைத் தாண்டியதும் நிற்காதே

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று காலை தண்டையார்பேட்டை மைதானத்தில் நீ விழுந்ததைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. நேரில் சொன்னால் “சரிண்ணா, சரிண்ணா” என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன்.

போலீஸ் தேர்வுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். நீ 6 நிமிடம் 20 நொடியில் முடித்தாய். கடைசி 200 மீட்டர் உயிரைக் கொடுத்து ஓடினாய். கோட்டைத் தாண்டியதும் அப்படியே நின்று, முட்டியில் கையை ஊன்றிக் குனிந்தாய். அதுவரை ஒன்றும் ஆகவில்லை. பக்கத்திலிருந்த பையன் “நிமிர்ந்து நில்லுடா, மூச்சு நல்லா வரும்” என்றான். நிமிர்ந்தாய். “கண்ணு இருட்டுதுண்ணா” என்றாய். உதடு வெளுத்தது, நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது, கால் மடங்கியது.

வெறும் வயிற்றில் ஓடியதால் மயக்கம் என்று எல்லாரும் சொன்னார்கள். 7 நிமிட ஓட்டத்துக்குள் சர்க்கரை தீர்ந்து விழுவது அரிது. காரணம் உன் கெண்டைக்காலில் இருக்கிறது.

நம் தெரு அடி பம்பை நினைத்துக்கொள். கைப்பிடியை அடிக்கும்போது தண்ணீர் மேலே ஏறுகிறது. ஏறியது திரும்ப இறங்காமல் உள்ளே வால்வு பிடித்துக்கொள்கிறது. கெண்டைக்கால் சதையும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் சதை இறுகி, நடுவில் ஓடும் சிரைகளைப் பிழிகிறது. ரத்தம் மேலே போகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அதைக் கீழே விழாமல் தடுக்கின்றன. சும்மா இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் போல ரத்தம் அனுப்பும். நீ ஓடிய வேகத்தில் அது 20 லிட்டர் அளவுக்குப் போகும். ஆனால் திரும்பி வருவதைத்தான் இதயத்தால் அனுப்ப முடியும். ஓடும்போது அதில் பெரும் பங்கைத் திருப்பி அனுப்பியது உன் கால்தான்.

நீ நின்ற நொடியில் அடி பம்பு நின்றுவிட்டது. அதே சமயம், ஓட்டத்துக்காக அகலத் திறந்த காலின் ரத்தக் குழாய்கள் உடனே சுருங்காது, அதற்குச் சில நிமிடம் வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் உடம்பைக் குளிர்விக்கத் தோலின் குழாய்களும் விரிந்திருக்கும். இதயத் துடிப்போ வேகமாக இறங்கத் தொடங்கும். ரத்தம் காலிலேயே தேங்குகிறது, இதயத்துக்கு வருவது குறைகிறது, அழுத்தம் சரிகிறது. இதயத்துக்கு மேலே இருக்கும் மூளைக்குத்தான் அது முதலில் தெரியும். குனிந்திருந்தபோது தலை தாழ்ந்திருந்ததால் நீ தாக்குப்பிடித்தாய். நிமிர்ந்ததும் அதுவும் போனது.

அப்புறம் நடந்ததுதான் எனக்குக் கோபம். இரண்டு பேர் உன்னைத் தோளில் தூக்கி நிறுத்தினார்கள், ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து உட்காரவைத்தார். நல்ல மனசுதான், ஆனால் அது ரத்தத்தைக் கீழேயே பிடித்துவைக்கும். தரையில் படுக்கப்போட்டு, உன் காலைத் தூக்கி என் தொடைமேல் வைத்தேன். இரண்டு நிமிடத்தில் முகத்தில் நிறம் வந்தது, “எவ்ளோ டைம்ணா?” என்று கேட்டாய். படுத்ததும் இப்படித் தெளிந்தால், அது இந்த வகை மயக்கம்தான் என்று பெரும்பாலும் சொல்லலாம்.

எல்லா மயக்கமும் இது இல்லை, தம்பி. பிசியோதெரபி வேலையில் இருப்பவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே, பம்பு வேலை செய்யும்போதே ஒருவன் விழுந்தால் அது இதயக் கோளாறாக இருக்கலாம். நெஞ்சு வலித்தாலும், படுத்த பிறகும் தெளியாமல் உளறினாலும், உடம்பு நெருப்பாகக் கொதித்தாலும் ஆபத்துதான். அப்போது காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். மூச்சே இல்லையென்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை நடு நெஞ்சை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். உனக்கும் இது திரும்ப வந்தால், இல்லை வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தால், ஒரு ஈசிஜி எடுத்துவிடுவோம்.

இனி கோட்டைத் தாண்டியதும் வேகத்தை மட்டும் குறை. மெதுவோட்டம், அப்புறம் நடை, மொத்தம் 5 நிமிடமாவது. உடனே போய் வெந்நீரில் குளிக்காதே, அது தோலின் குழாய்களை இன்னும் விரிக்கும். தேர்வு நாளில் நம்பர் குறிக்க வரிசையில் நிற்கச் சொன்னால், நின்ற இடத்திலேயே குதிகாலை மாற்றி மாற்றித் தூக்கு, கெண்டையை இறுக்கி விடு. யாருக்கும் தெரியாது, பம்பு ஓடிக்கொண்டிருக்கும். அதையும் மீறிக் கண் இருட்டினால் கூச்சப்படாமல் தரையில் படுத்துவிடு.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு மைதானத்துக்கு வருகிறேன். கோட்டுக்கு நூறு மீட்டர் தள்ளி, அந்த வேப்பமரத்தடியில் தண்ணீர் பாட்டிலோடு நிற்பேன். ஓடி முடித்து நீ அங்கே நடந்து வா.

அன்புடன்,
பக்கத்து வீட்டு அண்ணன்