மூன்றாவது பையின் அடிப்பக்கம்

மஸ்கட்
கார்த்திகை 5

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். இங்கே ராத்திரியில் லேசாகக் குளிர ஆரம்பித்துவிட்டது. இந்த மாதச் சம்பளம் சரியான தேதிக்கு வந்துவிட்டது. அதைப் பற்றி வீட்டில் யாரும், முக்கியமாக நீ, யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

தினமும் ராத்திரி காளான் பைகளைப் போட்டோ எடுத்து அனுப்புவாய். பதினோரு நாளாக ஒன்றும் வரவில்லை. கேட்டால் "நல்லா இருக்குப்பா" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறாய். கடைசியாக வந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறு பையும் உறியில் தொங்குகின்றன. மூன்றாவது பையில், பஞ்சு அடைத்த துளைக்கு நாலு விரல் கீழே, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பச்சை. பக்கத்துப் பையின் அடியில் பழுப்பாகத் தண்ணீர் கோத்து நிற்கிறது. நீ பார்க்காமல் இருந்திருக்க மாட்டாய்.

அது பச்சைப் பூசணம். சிப்பிக்காளான் போடுகிற எல்லோருக்கும் வருவதுதான். முதலில் வெள்ளையாகத்தான் படரும், காளான் பூசணம் என்றே ஏமாந்துபோவோம். நாலைந்து நாளில் நடுவில் பச்சை தட்டும். அந்தப் பச்சை முழுக்க விதைத்தூள். பையைத் திறந்து அந்த இடத்தை மட்டும் கிள்ளிப் போடலாம் என்று நினைத்தால், தூள் அறை முழுக்கப் பறந்து மற்ற ஐந்தையும் பிடிக்கும். அதனால் பிரிக்காதே. பையோடு இன்னொரு கவரில் போட்டுக் கட்டி, மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, கொல்லைக் கடைசியில் ஒரு முழம் குழி வெட்டிப் புதைத்துவிடு. எருக்குழியில் போடாதே, அது அறைக்கு ரொம்பப் பக்கம். அடியில் தண்ணீர் நிற்கிற பைக்கு, மூலையில் ஊசியால் இரண்டு குத்து குத்தி நீரை வடியவிடு. புளித்த வாடை வந்தால் அதையும் புதைத்துவிடு.

ஏன் வந்தது என்று நான் இங்கிருந்தே சொல்லுவேன். மழைக்காலத்தில் நீ வாங்கியது குறுவை வைக்கோல். அறுக்கும்போதே நனைந்து, மிஷின் மிதித்து நசுங்கி, களத்திலேயே பாதி கறுத்திருக்கும். அதை ஒரு மணி நேரம் ஆவியில் வைத்தாலும் உள்ளே இருக்கிற பூசணம் முழுக்கச் சாகாது. சித்தப்பா வீட்டுப் போரில் போன தையில் அறுத்த சம்பா வைக்கோல் இருக்கிறது. மேலே இருப்பதைத் தள்ளிவிட்டு நடுவிலிருந்து பிடுங்கச் சொல்லு. பொன்னிறமாக இருக்க வேண்டும், முகர்ந்தால் வைக்கோல் வாசனைதான் வர வேண்டும், ஈர மண் வாடை வரக்கூடாது. கேட்க வெட்கப்படாதே. எனக்காகத்தான் கேட்கிறாய் என்று சொல்லு.

இரண்டாவது, ஈரம். இரண்டு மூன்று அங்குலமாக நறுக்கி, நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் ஆவியில் வைத்து எடுத்தபின் நீ அவசரப்பட்டிருக்கிறாய். சுத்தமான தார்ப்பாயில் பரப்பி, நிழலிலேயே ஆறவிடு. ஒரு பிடி எடுத்து முறுக்கிப் பிழி. சொட்டக் கூடாது, ஆனால் உள்ளங்கை ஈரமாக வேண்டும். சொட்டினால் இன்னும் அரை மணி நேரம் காத்திரு. அந்தப் பொறுமை இல்லாததால்தான் பைக்கு அடியில் குளம் கட்டியிருக்கிறது.

ஆவி பிடிக்கிற அண்டாவை அம்மாதான் ஏற்ற வேண்டும், அம்மாதான் இறக்க வேண்டும். ஊறிய வைக்கோல் காய்ந்ததைப் போல் மூன்று மடங்கு கனக்கும், மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடிக்கும். உனக்குப் பலம் இருக்கிறது, தெரியும். இருந்தாலும் அம்மா இல்லாமல் அடுப்புப் பக்கம் போகாதே. சிலர் ஆவிக்குப் பதிலாக ஃபார்மலினும் பூசணக்கொல்லி மருந்தும் கலந்த தண்ணீரில் ஊறவைப்பார்கள். விறகு மிச்சம் என்று யாராவது உனக்கும் சொல்லியிருப்பார்கள். அந்த பாட்டில் நம் வீட்டுக்குள் வரக்கூடாது. கண்ணையும் மூச்சையும் கெடுக்கிற சாமான் அது, பள்ளிக்கூடப் பிள்ளை தொடுகிற பொருள் இல்லை.

காளான் வித்தை வேளாண் அறிவியல் நிலையமான கேவிகே-யிலேயே வாங்கு. பொட்டலத்தில் சோளம் முழுக்க வெள்ளை பூத்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும். மஞ்சளாகத் தண்ணீர் விட்டிருந்தால் பழசு, திருப்பிக் கொடுத்துவிடு. பஸ்ஸில் வெயில் படுகிற ஜன்னல் ஓரம் வைக்காமல் துணிப்பையில் கொண்டுவா.

இதெல்லாம் சரியாகிவிடும். எனக்குப் பெரிதாகப் படுகிற தப்பு வேறு. ஆறு பையையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை கட்டினாய். ஒரு பை மூன்று பறிப்பில் அரைக் கிலோ தரும் என்று வைத்துக்கொள், கூடினால் லாபம். முதல் பறிப்பில் கால் கிலோ, எட்டுப் பத்து நாள் கழித்து நூற்றைம்பது கிராம், கடைசியில் நூறு. ஆறும் ஒன்றாகத் திறந்தால் இரண்டே நாளில் ஒன்றரைக் கிலோ வந்து நிற்கும், இருநூறு கிராம் பொட்டலமாக ஏழு. நம் தெருவில் வாங்குகிறவர்கள் எத்தனை வீடு? நீ எழுதி வைத்த நோட்டுப்படி ஐந்து. மிச்சம் இரண்டு பொட்டலம் மறுநாள் மஞ்சளாகும், அதற்கடுத்த நாள் வழவழக்கும். பிறகு பத்து நாள் கேட்கிறவர்களுக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. அதுவே வாரம் இரண்டு பை கட்டினால், ஆறேழு வாரத்துக்கு மேல், இரண்டு பை முதல் பறிப்பிலும் இரண்டு இரண்டாவதிலும் இரண்டு கடைசிப் பறிப்பிலும் இருக்க, வாரம் கிட்டத்தட்ட ஒரு கிலோ சீராக வரும். ஐந்து பொட்டலம், ஐந்து வீடு.

உன் விலையிலேயே கணக்குப் பார். ஐந்து பொட்டலம் நாற்பத்தைந்து ரூபாய் வீதம் 225. இரண்டு பைக்கு ஒரு வித்துப் பொட்டலம் 60, வைக்கோல் 20, பாலிதீன் பை 10, விறகும் பொட்டலக் கவருமாக 20. ஆக 110 போனால், கையில் 115. வாரத்துக்கு அவ்வளவுதான். நாலு பையில் ஒன்று பச்சை பிடிக்கும் என்று எண்ணிக்கொண்டால் அதிலும் ஐம்பது அறுபது குறையும். இது உன் நோட்டுப் பேனாவுக்கும் சைக்கிள் ட்யூபுக்கும் போதும். வீட்டுச் செலவுக்கோ, வேறு யாருடைய கடனுக்கோ இது போதாது, போத வேண்டியதும் இல்லை. அக்கா என்னிடம் ஒன்று சொன்னாள். அதை நான் இப்போது கேட்கவில்லை.

அரையாண்டுப் பரீட்சை வருகிறது. பரீட்சைக்கு முன்னால் இரண்டே பை கட்டு, டிசம்பர் முதல் ஞாயிறு. வித்து போட்ட பைக்குப் பதினெட்டு இருபது நாள் வேலையே கிடையாது. இருட்டறையில் தானாக வெள்ளை ஓடும். நீ படிக்கலாம். விடுமுறை விட்டதும் பை முழுக்கப் பால் வெள்ளையாக இருக்கும், பிளேடால் அம்மா கீறித் தரட்டும். அதற்குப் பிறகுதான் காலை மாலை தண்ணீர் தெளிக்கிற வேலை, சாக்கை நனைத்துத் தொங்கவிடுகிற வேலை எல்லாம். மொட்டு தெரிந்த மூன்றாம் நாள் பறி. காம்பு நீண்டு குடை சின்னதாக இருந்தால் அறையில் காற்று போதவில்லை, மேல் ஜன்னலைக் கொஞ்சம் திற, கொசுவலை கட்டு. குடையின் ஓரம் மேலே சுருள விடாதே. விட்டால் மாவு மாதிரி விதைத்தூள் கொட்டும். அதை மூச்சில் இழுத்தால் இருமல் பிடிக்கும், உனக்குச் சின்னதிலிருந்தே சளி வேறு. முகமூடி இல்லாமல் அறைக்குள் போகாதே. பறிப்பது காலையில், தண்ணீர் தெளிப்பதற்கு முன்னால். நனைந்த காளான் பொட்டலத்தில் மத்தியானமே வியர்த்துவிடும்.

மழைக்குக் கொல்லையில் முளைக்கிற காளான் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒன்றைக்கூடப் பொட்டலத்தில் சேர்க்காதே. ஆயா அந்தக் காலத்தில் பார்த்தே சொல்லுவாள், உனக்கும் எனக்கும் அந்தக் கண் இல்லை. அக்கிரகாரத்து மாமி காளான் தொடமாட்டார், அங்கே போய்க் கேட்டு நிற்காதே. மற்ற வீடுகளுக்கும் வெளிச்சம் இருக்கும்போதே, தெரிந்த வீடு மட்டும், வாசலோடு. க்யூஆர் அட்டை அம்மா கணக்கில் இருக்கட்டும். யாராவது மாதாமாதம் இத்தனை கிலோ என்று எழுதிக் கேட்டால் கையெழுத்துப் போடாதே. பதினெட்டு ஆகாதவன் கையெழுத்து செல்லாது, ஆனால் வாக்குத் தவறினான் என்று தெருவில் பேர் கெடும்.

கடன் கொடுக்காதே. ஒரு பொட்டலம்கூட. "நாளைக்குத் தரேன்"னு சொன்னால் நாளைக்கே பொட்டலமும் தரேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லு.

இதை உனக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பத்தாய அறையில் நான் காளான் போட்டது நஷ்டமானது பூசணத்தால் என்றுதான் உங்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பூசணம் இல்லை. ஒரு ஓட்டலுக்கு எட்டு மாதம் கடனில் கொடுத்தேன். கேட்கக் கூச்சப்பட்டேன். அதை ஈடுகட்ட அம்மாவின் வளையலை வைத்தேன், அம்மாவிடம் சொன்னது வைத்த பிறகு. பணம் வரவில்லை என்று முதல் மாதமே வீட்டில் வாய் திறந்திருந்தால், இப்போது உன் பைகளை நான் போட்டோவில் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். மறைத்தது நான்தான். அந்தப் பழக்கம் உனக்கு என்னிடமிருந்து வந்ததோ என்று பதினோரு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆறில் மூன்று கெட்டாலும் முதல் தடவைக்கு அது நல்ல கணக்குதான். வெள்ளை ஓடிய பைகளில் வித்தை ஒரே சீராகத் தூவியிருக்கிறாய், பிளாஸ்டிக்கை ஒட்டி ஓரத்தில் கூடுதலாகப் போட்டிருக்கிறாய். அதைச் சொல்லிக்கொடுக்காமலே எப்படிச் செய்தாய் என்று தெரியவில்லை. இங்கே ரூமில் எல்லோருக்கும் காட்டினேன்.

புதைக்கிற அன்றைக்கு அம்மாவைக் கூட வைத்துக்கொள். அடுப்புப் பக்கம் தனியாகப் போகாதே. இன்றைக்கு ராத்திரி ஆறு பையையும் எடுத்து அனுப்பு, மூன்றாவதைக் கிட்டத்தில் வைத்து, லைட் போட்டு.

அன்புடன்,
அப்பா