மருமகளின் தாலிப் பவுணும் அட்சய திருதியையும்

களுவாஞ்சிக்குடி,
2026 ஏப்ரல் 8

அன்பின் யோகன்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் நோ குறைந்தது சந்தோசம். இங்கே பங்குனி வெயில் ஆளை உருக்குகிறது. சிறுபோகத்துக்கு வயல் உழத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு அந்தக் கவலை இந்த முறை இல்லை, குத்தகைக்குக் கொடுத்துவிட்டேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மருமகளின் தாலிக்கு உருக்குகிற பவுணைத் தாய்மாமன் நீதான் வாங்கித் தர வேண்டும் என்று உன் தங்கச்சி சொல்லியிருக்கிறாள். அதை அட்சய திருதியையில் வாங்கினால் நல்லது என்று உன் மனுசி சொல்லியிருக்கிறாள். ரொறன்ரோக் கோயில் கலண்டரில் ஞாயிற்றுக்கிழமை என்று இருக்கிறது, இங்கே உன் தங்கச்சி திங்கட்கிழமை என்கிறாள், மச்சினனோ இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்கிறான். யார் சொல்வது சரி என்று கேட்டிருந்தாய். உன் மச்சினன் சொன்னது பிழை. மற்ற இரண்டு பேரிடமும் நியாயம் இருக்கிறது.

முதலில் மச்சினன் கதை. வைசாக மாதத்து வளர்பிறையில் வரும் மூன்றாம் திதிதான் அட்சய திருதியை. வைசாகம் என்றதும் அவன் நம்முடைய வைகாசியைப் புரட்டியிருக்கிறான். நமக்கு வைகாசி என்றால் கண்ணகி அம்மன் குளிர்த்தி. அந்த மாதம் சூரியன் ராசி மாறுவதை வைத்து எண்ணுவது. அட்சய திருதியைக்குச் சொல்கிற வைசாகம் சந்திரனை வைத்து எண்ணும் மாதம், அமாவாசை முடிந்ததும் தொடங்கும். இரண்டும் பாதி பாதியாக ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். அதனால் வைகாசிப் பக்கத்தை விட்டுவிடு. நம் பஞ்சாங்கத்தில் சித்திரை மாதத்துக்குள் வருகிற அமாவாசையைப் பிடி. அது முடிந்து மூன்றாவது திதி எதுவோ அதுதான். சித்திரைக்கு 31 நாள், ஒரு அமாவாசைக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 29½ நாள். ஆகவே சித்திரையில் அமாவாசை இல்லாமல் போகாது. எப்போதாவது இரண்டு விழுந்தால் முதலாவது அதிக மாதத்துக்கு உரியது, இரண்டாவதை எடுக்க வேண்டும்.

சித்திரைக் கடைசியில் அமாவாசை வருகிற வருடத்தில் திருதியை வைகாசிக்குள் தள்ளிப்போகலாம். அப்போது மட்டும் உன் மச்சினன் தற்செயலாகச் சரியாகிவிடுவான்! இந்த வருடம் அப்படி இல்லை. புது வருடம் ஏப்ரல் 14இல் பிறக்கிறது, 17ஆம் திகதி வெள்ளிக்கிழமை, சித்திரை 4இல், அமாவாசை. மே மாதத்து அமாவாசை வைகாசி பிறந்த பிறகுதான் வருகிறது. ஜூன் நடுவில் வருகிறதும் அதே வைகாசிக்குள். எனவே அவன் வைகாசியில் கண்டுபிடித்த வளர்பிறைத் திருதியை அதிக மாதத்தில் விழுகிறது. புது வேலை எதற்கும் நாம் தவிர்க்கிற மாதம் அது.

இனி ஞாயிறா திங்களா என்பது. இதில்தான் விசயம் இருக்கிறது, ஆறுதலாக வாசி.

திதி என்பது சூரியனைவிட்டுச் சந்திரன் 12 பாகை விலகுவதற்கு எடுக்கும் நேரம். 24 பாகையில் தொடங்கி 36 பாகையில் முடிகிறது திருதியை. நள்ளிரவிலும் தொடங்கும், மத்தியானச் சோற்று நேரத்திலும் தொடங்கும், நம் கிழமைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சந்திரன் பூமிக்குக் கிட்ட வரும்போது விரைவாக ஓடும், அப்போது திதி 20 மணித்தியாலத்துக்குக் கிட்டச் சுருங்கும். தூரப் போனால் 26 மணித்தியாலம் வரை நீளும். இந்த முறை சந்திரன் மிகக் கிட்டத்தில் இருக்கிறது. திருக்கணிதப்படி வெள்ளி மாலை 5.22க்கு அமாவாசை முடிகிறது. சனி பிற்பகல் 2 மணி கடந்து பிரதமை முடிகிறது. ஞாயிறு காலை 10.49க்குத் துவிதியை முடிந்து திருதியை தொடங்குகிறது. திங்கள் காலை 7.27க்கு அதுவும் முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு நாளும் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் முன்னால் நழுவுவதைப் பார்த்தாயா?

உன் தங்கச்சி விரல் மடித்து எண்ணியிருக்கிறாள். சனி விடியும்போது பிரதமை, ஞாயிறு விடியும்போது துவிதியை, திங்கள் விடியும்போது திருதியை. சூரியன் உதிக்கும்போது இருக்கிற திதியே அந்த நாளுக்குரிய திதி என்பது பொது வழக்கம், அதனால் திங்கள். அவளுக்கு இன்னொரு பலமும் உண்டு. திங்களோ புதனோ ரோகிணியோடு சேர்ந்த அட்சய திருதியை விசேடம் என்பார்கள். திங்கள் விடிவதற்கு முன்பே ரோகிணி வந்துவிடுகிறது.

ஆனால் அட்சய திருதியைக்கு உதயம் மட்டும் போதாது, முற்பகலில் திருதியை இருக்க வேண்டும் என்பது தனி விதி. இரண்டு நாளும் முற்பகலில் இருந்தால் பிந்திய நாளை எடு என்கிறார்கள். அதற்கும் ஒரு கட்டு உண்டு. பிந்திய நாளில் உதயத்துக்குப் பிறகு மூன்று முகூர்த்தமாவது திருதியை நிற்க வேண்டும், இல்லாவிட்டால் முந்திய நாள்தான் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். பகலைப் பதினைந்தாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு முகூர்த்தம். மட்டக்களப்பில் அன்று சூரியன் 5.52க்கு உதிக்கும். பகல் 12 மணித்தியாலமும் கொஞ்சமும், ஆகவே ஒரு முகூர்த்தம் 49 நிமிடம், மூன்றுக்கு இரண்டரை மணித்தியாலம் என்று வை. திங்கட்கிழமை 5.52இல் இருந்து 7.27 வரை ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சற்று மேல்தான் இருக்கிறது. போதாது. ஞாயிறு 10.49க்குத் தொடங்குகிறது, இங்கே உச்சி 12.02க்கு. எனவே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் முற்பகல் கிடைக்கிறது. நான் ஞாயிறு என்றுதான் சொல்வேன்.

முற்பகல் என்பதைப் பகலின் முதல் பாதி என்று எடுத்தால்தான் இந்தக் கணக்கு, அதையும் சொல்லிவிடுகிறேன். பகலை மூன்றாகப் பிரித்து முதல் பங்கை மட்டும் முற்பகல் என்கிறவர்களுக்கு ஞாயிறு 10 மணிக்கே அது முடிந்துவிடும். அவர்கள் திங்களுக்குப் போனால் சண்டைக்குப் போகாதே.

உங்கள் ரொறன்ரோக் கோயிலுக்கு ஏன் இந்தக் குழப்பமே இல்லை என்று யோசித்தாயா? திதி தொடங்குவது உலகம் முழுக்க ஒரே கணத்தில், மணிக்கூடுதான் வேறு. இப்போது உங்களுக்கும் எங்களுக்கும் ஒன்பதரை மணித்தியாலம் வித்தியாசம். இங்கே ஞாயிறு 10.49 என்றால் அங்கே ஞாயிறு அதிகாலை 1.19. இங்கே திங்கள் 7.27 என்றால் அங்கே ஞாயிறு இரவு 9.57. உங்கள் ஞாயிறு முழுவதையும் திருதியை நிரப்பிவிடுகிறது, விடியலும் அதில், முற்பகலும் அதில். உன் மனுசி அங்கே ஒரு மோதிரம் வாங்க நினைத்தால் எந்த நேரமும் சரி. இங்கே வாங்குகிறதற்கு அங்கத்தைய கலண்டரைப் பார்க்கக் கூடாது, பொருள் கைமாறுகிற ஊரின் நேரம்தான் கணக்கு. இந்தியக் கலண்டர் மணி நேரம் என்றால் அப்படியே எடுக்கலாம், அவர்களுக்கும் நமக்கும் ஒரே மணிக்கூடு.

உன் தங்கச்சி வீட்டுப் பஞ்சாங்கத்தில் திங்கட்கிழமைக்கு எதிரே நாழிகைக் கணக்குப் போட்டிருந்தால் அதை மணி என்று வாசிக்க விடாதே. ஒரு நாழிகை 24 நிமிடம், உதயத்தில் இருந்து எண்ண வேண்டும். நான் சொன்ன 7.27 நாழிகையில் 3-57 என்று வரும். அதை அதிகாலை 3.57 என்று வாசித்தால் திங்கள் விடியும்போது திருதியையே இல்லை என்று ஆகிவிடும். அதோடு அவள் வைத்திருப்பது வாக்கியமா திருக்கணிதமா என்றும் கேள். வாக்கியத்தில் திதி சில மணித்தியாலம் முன்னே பின்னே போகும். தொடக்கத்தை ஒன்றிலும் முடிவை மற்றதிலும் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். எதை எடுத்தாலும் ஒன்றையே எடுக்கச் சொல்.

இப்போது பவுண். ஞாயிறு 10.49க்குப் பிறகு உச்சிக்குள் ஒரு பவுண் நாணயத்தை மட்டும் கையில் எடுப்பது என் யோசனை. மத்தியானம் எமகண்டம் வந்துவிடும், பின்னேரம் ராகுகாலம். திங்கள் என்று தங்கச்சி பிடிவாதம் பிடித்தால் 7.27க்கு முன் வாங்க வேண்டும். அந்த நேரத்துக்கு எந்தக் கடை திறந்திருக்கும்? திறந்தாலும் ராகுகாலம் அங்கேயே தொடங்கிவிடும். பொன்னுருக்கை அதே நாளில் வைக்க வேண்டாம், அதற்கு மாப்பிள்ளை வீட்டாரோடு தனியாக நாள் பார்க்கிறார்கள். நாணயம் சாமித்தட்டில் இருக்கட்டும்.

கொடியும் காப்பும் அன்றைக்கு வாங்குகிற எண்ணம் இருந்தால் மறந்துவிடு. பவுண் விலை உலகச் சந்தையையும் டொலரையும் பார்த்து ஏறி இறங்குமே தவிர திதியைப் பார்த்து இறங்காது. அன்று கடையில் நெரிசல், டிசைன் பார்க்கவோ செய்கூலி பேசவோ நேரம் இராது. கல்முனையில் எனக்குப் பழக்கமான பத்தர் ஒருவர் இருக்கிறார், கொடியை அவரிடம் ஆவணிக்கு முன் ஆறுதலாகச் செய்விக்கலாம். கடையில் இப்போதே முன்பதிவு செய்கிறதென்றால் பற்றுச்சீட்டில் மூன்றும் எழுதி வாங்கச் சொல்: அன்றைய விலை நிலைக்குமா, செய்கூலி எவ்வளவு, 22 கரட்டா என்று. அப்படிப் பதிந்த நாணயத்தை ஞாயிறு போய்க் கையில் எடுத்தால் போதும். அட்சய திருதியையில் தானம்தான் பழைய வழக்கம், தண்ணீர்ப் பானையும் மோரும் குடையும். நகை வாங்குவது பிறகு வந்தது. எனக்கு மோர் கொடுக்கிறது பிடிக்கும், இந்த வெயிலுக்கு அதுவும் நடக்கட்டும்.

காசை மட்டும் பிந்தாமல் அனுப்பு. புது வருட விடுமுறையில் வங்கி பூட்டு, ஞாயிறும் பூட்டு. 16ஆம் திகதி வியாழனுக்குள் தங்கச்சியின் கணக்கில் விழுந்தால் வெள்ளிக்கிழமை காசை எடுத்துவிடலாம். அனுப்பினதும் எனக்கு ஒரு கோல் போடு, நானும் கடைக்குக் கூடப் போகிறேன். மச்சினனுக்கு நீயே சொல்லு, நான் சொன்னால் கோபிப்பான்.

அன்புடன்,
சண்முகம்