ஆர்டர் விழாமல் கழித்த பணத்தைத் திருப்பி வையுங்கள்: இணையக் கடை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கம் கணினி மையம் நடத்துகிறேன். சிட்டா எடுக்கவும் பயிர்க் காப்பீடு பதியவும் வருகிறவர்கள், அப்படியே உங்கள் கடையில் ஒரு பொருள் போட்டுக் கொடுக்கச் சொல்லியும் கேட்பார்கள். தீபாவளிக்கு முன்னால் எங்கள் ஊர் அக்கா ஒருவரின் பரிசு அட்டைக்கு என்ன நடந்தது என்பது உங்கள் சேவை மையத்துக்குத் தெரியும். பேசியாயிற்று, எழுதியும் ஆயிற்று. பதில் வராததால்தான் இந்த மடல். நான் கேட்பது ஒன்றுதான். ஆர்டர் விழாமல் பரிசு அட்டையிலிருந்து கழிந்த பணத்தை, வாடிக்கையாளர் வந்து கெஞ்சும் வரை காத்திருக்காமல், தானாகவே அதே அட்டைக்குத் திருப்புங்கள்.

அக்காவின் மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போனஸ் வந்ததும் ஒரு பணப் பரிமாற்றச் செயலியில் உங்கள் கடையின் 5,000 ரூபாய் மின் பரிசு அட்டையை வாங்கி அம்மாவின் எண்ணுக்கு அனுப்பினாள். 16 இலக்க அட்டை எண், 6 இலக்கப் பின் எண், காலாவதி தேதி, இவ்வளவும் ஒரு குறுஞ்செய்தியில் வந்து சேர்ந்தன. அக்கா கேட்டது டேபிள் டாப் கிரைண்டர். விலை 5,540, டெலிவரிக்கு 100, ஆக மொத்தம் 5,640 ரூபாய். பணம் கட்டும் பக்கத்தில் அட்டை எண்ணையும் பின் எண்ணையும் போட்டதும் 5,000 கழிந்து, பாக்கி 640 என்று காட்டியது. அந்த 640-ஐ அக்காவின் போனிலிருந்து யுபிஐயில் கட்டினோம். பின் நம்பர் அடித்த கையோடு சிக்னல் போய்விட்டது. பக்கம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் ஆர்டர் தோல்வி என்று வந்தது. அட்டையின் இருப்பைப் பார்த்தால் பூஜ்யம்.

"தம்பி, சாமானும் வரல, காசும் இல்லேங்கிற. அப்ப எங்கதான் போச்சு?" என்று அக்கா கேட்டார். அந்தக் கேள்விக்கு உங்களிடம்தான் பதில் இருக்கிறது.

640 ரூபாய் மறுநாளே வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. யாரும் புகார் செய்யவில்லை, தானாக வந்தது. தோல்வியடைந்த பரிவர்த்தனைகளுக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் கெடு வைத்திருக்கிறது. யுபிஐயில் கடைக்குக் கட்டிய பணம் கழிந்து, கடைக்கு உறுதிச் செய்தி போகாவிட்டால், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. முன்பணம் ஏற்றிய வாலெட், அட்டை போன்றவற்றில் அதே வழங்குநரின் அமைப்புக்குள்ளேயே நடக்கும் பரிவர்த்தனை இப்படித் தோற்றால் கெடு இன்னும் குறைவு, ஒரே நாள்தான். ஆனால் ஒரு நிறுவனம் தன் கடையில் மட்டும் செல்லும்படி வெளியிடும் அட்டைக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதியே தேவையில்லை. அது அந்த ஒழுங்குமுறைக்குள் வராது. உங்கள் அட்டை அந்த வகை. ஒரே பொருள், ஒரே நிமிடம், ஒரே பில். அதில் 640 ரூபாய்க்குக் காவல் இருக்கிறது, 5,000 ரூபாய்க்கு இல்லை. ரிசர்வ் வங்கியின் கெடு உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்பது, ஒரு பெண்ணின் போனஸ் பணத்தை வைத்துக்கொள்ளக் காரணமாகிவிடாது.

இதில் எனக்கு அதிகமாகக் கோபம் வந்த இடம் உங்கள் புகார்ப் படிவம். முதல் கட்டத்திலேயே ஆர்டர் எண் கேட்கிறது. அது இல்லாமல் அடுத்த பக்கம் திறக்காது. விழாத ஆர்டருக்கு எண் எங்கிருந்து வரும்? போனில் கூப்பிட்டாலும் முதல் கேள்வி அதுதான். இல்லை என்று சொன்னால், அட்டை எண்ணைப் பார்த்துவிட்டு, "இது ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது" என்கிறார்கள். எந்த ஆர்டருக்குப் பயன்பட்டது என்று கேட்டால் பதில் இல்லை. அட்டையை விற்ற செயலியைக் கேட்டோம். அட்டை எண், பின் எண் என்ற கோடை அனுப்பியதோடு எங்கள் வேலை முடிந்தது, கடையைக் கேளுங்கள் என்றார்கள். கடையான நீங்கள், உங்களுக்காக அட்டைக் கணக்கேட்டைப் பராமரிக்கும் வழங்குநர் நிறுவனத்தைக் கைகாட்டினீர்கள். வழங்குநரோ, கழித்ததை ரத்து செய்யச் சொல்லிக் கடை கோரிக்கை அனுப்பாமல் நாங்கள் தொட முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னது ஓரளவு சரிதான். அதனால்தான் இந்த மடல் வேறு யாருக்கும் இல்லாமல் உங்களுக்கு வருகிறது.

அந்தக் கோடு வெறும் சாவி. பணம் அதற்குள் இல்லை, வழங்குநரின் கணக்கேட்டில் இருக்கிறது. அந்தக் கோடைப் பணம் கட்டும் பக்கத்தில் போட்டதும் உங்கள் கணினி வழங்குநரிடம் இருப்பைக் கேட்கிறது. பிறகு, இந்த அட்டையில் 5,000 கழியுங்கள் என்று தன் பங்குக்கு ஒரு குறிப்பு எண்ணும் போட்டு ஒரு கோரிக்கை அனுப்புகிறது. அங்கே கழிந்ததும்தான் மீதி 640-க்கு யுபிஐ திறக்கிறது. இந்த வரிசையில் நியாயம் உண்டு. அட்டையை முதலில் பிடித்து வைக்காவிட்டால், அதே கோடை இரண்டு போனில் ஒரே சமயத்தில் போட்டு இரண்டு ஆர்டர் எடுத்துவிடலாம். ஆகவே அட்டையை முதலில் தொடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை.

தொட்ட விதத்தில்தான் தவறு. நிறுத்தி வைப்பது வேறு, கழித்துவிடுவது வேறு. மன்னார்குடியில் ஒரு துணிக்கடைக்குக் காகிதக் கூப்பன் கொண்டுபோனால், கல்லாவில் இருப்பவர் அதை வாங்கி மேஜையில் வைத்துக்கொள்வார், பில் வந்த பிறகுதான் கிழிப்பார். பாக்கிக் காசு இல்லை என்று நாம் திரும்பினால் கூப்பன் நம் கைக்கு வந்துவிடும். உங்கள் பக்கத்திலும் 5,000-ஐக் குறிப்பிட்ட நேரத்துக்கு, அரை மணி என்று வைத்துக்கொள்வோம், நிறுத்தி மட்டும் வைக்கலாம். ஆர்டர் உறுதியானால் கழியுங்கள், நேரம் முடிந்தால் விட்டுவிடுங்கள். விட்ட பிறகு யுபிஐயின் 640 தாமதமாக உங்களிடம் வந்து சேர்ந்தால் அதை வந்த வழியே அனுப்பிவிடலாம்.

நிறுத்தி வைக்கும் வசதி உங்கள் வழங்குநரிடம் இல்லாமல், கழித்தல், ரத்து என இரண்டு மட்டுமே இருக்கலாம். அப்படியானால் ஆர்டர் தோற்ற உடனே, கழித்தபோது கொடுத்த அதே குறிப்பு எண்ணைச் சொல்லி ரத்துக் கோரிக்கை அனுப்ப வேண்டும். வழியில் இணைப்பு அறுந்து, கழிந்ததா இல்லையா என்றே உங்களுக்குத் தெரியாத நேரமும் வரும். அப்போதும் அந்தக் குறிப்பு எண்ணைக் கொண்டு நிலையைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. புது எண் போட்டு மறுபடி கழிக்கச் சொன்னால் பணம் இரண்டு முறை போகும். இதெல்லாம் உங்கள் பொறியாளர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டிய விஷயம் இல்லை.

இவ்வளவும் தவறிப்போனாலும் ஒரு வழி பாக்கி இருக்கிறது. வழங்குநரின் கணக்கில் அன்றைய கழிவுகள் இருக்கின்றன. உங்கள் கணக்கில் அன்றைய ஆர்டர்கள் இருக்கின்றன. இரவில் இரண்டையும் எதிரெதிரே வைத்து ஒப்பிட்டால், ஆர்டர் இல்லாத கழிவு தனியாகத் தெரிந்துவிடும். அக்காவின் 5,000 அப்படித்தான் அங்கே நிற்கிறது. அதைக் கண்டுபிடிக்க அவர் புகார் செய்ய வேண்டியதே இல்லை. நீங்கள் இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் இருக்கிறீர்களா, செய்தும் திருப்பாமல் இருக்கிறீர்களா? இரண்டில் எது என்று எழுத்தில் சொல்லுங்கள்.

யுபிஐயில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 12 இலக்கக் குறிப்பு எண் நம் கையில் இருக்கிறது. அதை வைத்து வங்கியில் பேச முடிகிறது. பரிசு அட்டையில் கழிந்ததற்கு அப்படி எதையும் நீங்கள் காட்டுவதில்லை. இருப்புப் பார்க்கும் பக்கத்தில் கழிந்த நேரம், தொகை, குறிப்பு எண் மூன்றையும் காட்டினால் போதும், புகார்ப் படிவத்தில் ஆர்டர் எண்ணுக்குப் பதில் அதைப் போட்டுவிடலாம். என் மையத்துக்கு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் அட்டையைப் போடுவதற்கு முன் ஒருமுறையும், ஆர்டர் தோற்றால் உடனே ஒருமுறையும் இருப்புப் பக்கத்தைப் படம் எடுத்துவைக்கச் சொல்கிறேன். குறுஞ்செய்தியையும் அழிக்க விடுவதில்லை. நீங்கள் காட்ட வேண்டியதை வாடிக்கையாளர் சேர்த்துவைக்க வேண்டியிருக்கிறது.

எழுதத் தொடங்கினால் இன்னும் வருகிறது. மீதி இருப்பு அட்டையிலேயே நிற்குமா, ஒரே தடவையில் முழுதும் தீர்க்க வேண்டுமா என்பதை வாங்கும்போது சொல்வதில்லை. 2,000 ரூபாய் கோடை 1,600 ரூபாய் பொருளுக்குப் போட்டு 400-ஐ இழந்தவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். பொருளைத் திருப்பினால் பணம் புதுக் கோடாக வருகிறது, காலாவதி மட்டும் பழைய தேதியிலேயே இருக்கிறது. சேவை மையத்தில் தமிழில் பேச ஆள் கிடைப்பதே பெரும்பாடு. விளம்பரம் மட்டும் நல்ல தமிழில் வருகிறது. பணம் வாங்கத் தெரிந்த மொழியில் பதில் சொல்லவும் தெரிய வேண்டும். சரி, இவற்றைத் தனியாக எழுதுகிறேன். இந்த மடலின் கோரிக்கையை அவற்றோடு கலக்க விரும்பவில்லை.

2020-ஆம் ஆண்டின் மின் வணிக விதிகள்படி, புகார் கிடைத்ததை உங்கள் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆர்டர் எண் இல்லாத புகாரைத் தள்ளிவிடலாம் என்று அதில் எங்கும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் இதைப் பதிந்திருக்கிறோம். வம்புக்காகச் செய்யவில்லை. உங்கள் படிவம் எங்களை உள்ளேயே விடவில்லை, அதனால் போனோம்.

அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள், கழிந்த நேரம், 640 ரூபாயின் யுபிஐ குறிப்பு எண், இருப்புப் பக்கத்தின் படம் எல்லாவற்றையும் உங்கள் குறைதீர் அலுவலரின் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து வழங்குநருக்கு ரத்துக் கோரிக்கை அனுப்பி, 5,000 ரூபாயை அதே அட்டைக்குத் திருப்புங்கள். பணம் முடங்கிக் கிடந்த நாட்களைக் காலாவதி தேதியோடு கூட்டிக் கொடுங்கள். அதே நாளில் ஆர்டர் இல்லாமல் கழிந்த மற்ற அட்டைகளையும் பார்த்து, உரியவர்களுக்குத் திருப்பிவிட்டுக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். அவர்களில் பலருக்குப் பணம் எங்கே போனது என்பதே இன்னும் தெரிந்திருக்காது.

இப்படிக்கு,
திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கணினி மையத்துக்காரன்