நீர்க்காகமும் கெளுத்தியும்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மாடி வீட்டு வேலை முடிந்து நீ குடியேறிவிட்டாய் என்று படித்ததில் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம், முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. ஏரியில் தண்ணீர் வற்றி நடுவில் ஒரு குட்டையாகக் கிடக்கிறது. சாயங்காலம் கரையில் போய் உட்கார்ந்தால் பறவைகளைப் பார்த்துக்கொண்டே பொழுது போய்விடும்.

பேத்திக்குப் பேராசையைப் பற்றி ஒரு கதை வேண்டும், ஆனால் கடைசியில் பிரசங்கம் இருக்கக் கூடாது என்று கேட்டிருந்தாய். குட்டையைப் பார்த்துத்தான் இதைக் கட்டினேன்.

ஒரு கோடையில் ஏரி வற்றியது. மீன்களெல்லாம் ஒரே குட்டையில் வந்து சேர்ந்துவிட்டன. நாரை, மடையான், மீன்கொத்தி என்று எல்லோருக்கும் விருந்து. ஒரு நீர்க்காகம் காலையிலேயே முழுகி முழுகி நாலு கெண்டைகளை விழுங்கியது. வயிறு நிறைந்ததும் பாறையில் ஏறி இறக்கையை விரித்துக் காயவைத்தது.

அப்போது பாறையடியில் ஒரு பெரிய கெளுத்தி தலைகாட்டியது. "எனக்குத்தான் வயிறு நிறைந்துவிட்டதே" என்று நீர்க்காகம் நினைத்தது. ஆனால் எதிர்க்கரையில் நின்ற நாரை மெதுவாக ஓரடி எடுத்து வைத்தது. "ஐயோ, அவனுக்கா போய்ச் சேரணும்!" நீர்க்காகம் பாய்ந்தது. மீனைத் தூக்கிப் போட்டு, தலைப்பக்கமாகப் பிடித்து விழுங்குவதுதான் அதன் வழக்கம். அன்றைக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. கையில் கிடைத்த வாலைக் கவ்வி அப்படியே விழுங்கப் பார்த்தது.

கெளுத்தி தன் மூன்று முள்ளையும் விறைத்துக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கத்தலாம் என்றால் வாய் நிறைய மீன். நீர்க்காகம் தலையை உதறியது, கழுத்தைப் பாறையில் தேய்த்தது. வெயில் சாயும் நேரத்தில் மீன் ஒரு துள்ளு துள்ளி, முள்ளை மடக்கி, வந்த வழியே நழுவித் தண்ணீரில் விழுந்தது.

தொண்டையெல்லாம் புண். மறுநாள் குட்டையில் அத்தனை மீன் இருந்தும் ஓர் அயிரையைக்கூட விழுங்க முடியவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்த குட்டி நீர்க்காகம் கேட்டது: "மாமா, அந்த மீன் அவ்வளவு பெரிசா?"

"பெரிசுதான். பசிதான் அன்னிக்கு இல்லை."

கதை அவ்வளவுதான். இதில் இரண்டு விஷயங்களை மட்டும் நீ மாற்றாமல் சொல்ல வேண்டும். ஒன்று, அந்த நாலு கெண்டைகள். பேராசைக் கதை என்று சொல்லிக்கொண்டு பசித்த நாயையோ பூனையையோ இன்னும் கொஞ்சம் கேட்டதற்காகத் தண்டிக்கும் கதைகளை நிறையக் கேட்டிருக்கிறோம். குழந்தைக்கு அது நியாயமாகப் படாது, எனக்கும் படவில்லை. பசிக்கு ஆசைப்படுவதை எப்படிக் குறை சொல்வது? அதனால்தான் முதலில் வயிற்றை நிரப்பிவிட்டேன். அதற்குப் பிறகும் அது பாய்ந்தால், ஏன் பாய்ந்தது என்று குழந்தையே கண்டுபிடித்துவிடும்.

இன்னொன்று, தண்டனையை வேறு யாரும் கொடுக்கக் கூடாது. முனிவர் சாபம், சிங்கராஜாவின் தீர்ப்பு எதுவும் வேண்டாம். பஞ்சதந்திரத்தில் வில் நாணைக் கடித்த நரி நினைவிருக்கிறதா? வேடனும் பன்றியும் செத்துக் கிடக்க, இத்தனை கறியையும் பிறகு தின்னச் சேர்த்து வைப்போம் என்று முதலில் நரம்பு நாணைக் கடிக்கிறது. நாண் அறுந்து, வில்லின் நுனி தெறித்துக் குத்தி, செத்துப்போகிறது. கடித்ததும் அதுவே, செத்ததும் அதனால்தான். நம் கதையிலும் அப்படித்தான். நாரை முந்திவிடும் என்ற எண்ணம் அவசரத்தைக் கொடுத்தது, அவசரம் வாலைக் கவ்வ வைத்தது. தலைப்பக்கமாக விழுங்கினால் முள் உடம்போடு படியும், வால்பக்கமாகப் போனால் குத்திக்கொண்டு நிற்கும். கெளுத்தி சுத்தம் செய்து கை கடுத்தவர்களுக்கு அந்த முள்ளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இடத்தில் இரண்டு கைகளையும் விறைப்பாக நீட்டிக் காட்டு, பேத்திக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

நரியைப் போல நீர்க்காகத்தையும் சாகடித்திருக்கலாம். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை படுக்கப் போகும் நேரத்தில் கேட்கிற கதை. செத்துவிட்டால் அழுகைதான் மிஞ்சும், அது செய்த காரியம் மறந்துபோகும். தொண்டைப் புண்ணோடு மீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பிள்ளைக்கு யோசிக்க நேரம் கிடைக்கும்.

"அதனால் தெரிவது என்ன?" என்று மட்டும் கடைசியில் கேட்டுவிடாதே. நம் வாத்தியார்கள் கேட்டுக் கேட்டு, கதை முடிந்தாலே நமக்குப் பரீட்சை பயம் வந்தது. அவளாகக் கேட்டால் பதில் சொல். அநேகமாக நீர்க்காகத்தைப் பற்றிக் கேட்க மாட்டாள், கெளுத்தி என்ன ஆச்சு என்றுதான் கேட்பாள். தப்பித்துவிட்டது என்று சொல். குட்டை இன்னும் வற்றிக்கொண்டிருக்கிறது என்பதை நீ சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்