எட்டு வாரத் தண்ணீர் ஆய்வுக்கு அனுமதியும் சிறு உதவியும் வேண்டி மனு

அனுப்புநர்:
அறிவியல் பட்டதாரி ஆசிரியை,
மாநகராட்சி உயர்நிலைப் பள்ளி,
பக்கிங்காம் கால்வாய்க் கரை, தென் சென்னை.
(தலைமையாசிரியர் வழியாக)

பெறுநர்:
துணை ஆணையர் (கல்வி) அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை – 600 003.

நாள்: 23.06.2025

பொருள்: ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் பள்ளியைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரின் தரத்தை ஆராயும் செயல்திட்டம் – பாடவேளை, மதிப்பெண், ஆய்வக உதவி ஆகியவற்றுக்கு ஆணை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் பள்ளிக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையே இரண்டு தெருக்கள்தான். கடலும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இந்தத் தெருக்களில் போர் தண்ணீரைக் குடிப்பவர் இல்லை. ஆனால் குளிக்கவும் துவைக்கவும் அதுதான். வாளியின் விளிம்பில் வெள்ளையாய்ப் படியும் உப்பைச் சிலர் கடல் உப்பு என்கிறார்கள், சிலர் கால்வாய்ச் சாக்கடை ஊறி வந்தது என்கிறார்கள். இதில் எது என்று மாணவர்களே அளந்து கண்டுபிடிக்கும் எட்டு வாரத் திட்டத்தை ஜூலை இரண்டாம் வாரத்தில் தொடங்க விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு இதையே வேறு விதமாகச் செய்து தோற்றேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது எங்களிடம் இருந்தது ஒரேயொரு டி.டி.எஸ். மீட்டர். கேன் தண்ணீரில் 40 காட்டியது, பள்ளி போரில் 1,900 காட்டியது. குழந்தைகள் உடனே 'கேன் தண்ணீரே சிறந்தது' என்று எழுதி, தெர்மோகோலில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் செய்து, மனப்பாடமாய்ப் பேசினார்கள். மதிப்பெண் தெர்மோகோலுக்குப் போனது. அந்த மீட்டர் உண்மையில் அளப்பது தண்ணீரின் மின்கடத்தும் திறனை. அதை ஒரு மாறா எண்ணால் பெருக்கித்தான் உப்பின் அளவென்று காட்டுகிறது. அது என்ன உப்பு, எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. ஒரு குழு மட்டும் தங்கள் வீட்டு 'போர்' தண்ணீரில் 420தான் இருக்கிறது என்று பெருமையாகக் கொண்டுவந்தது. விசாரித்தால், அன்று காலை வந்த லாரித் தண்ணீர் சம்பில் போரோடு கலந்திருந்தது. குழாயைத் திறந்து பிடித்த பையனுக்குத் தான் பிடித்தது எந்தத் தண்ணீர் என்று தெரியவில்லை. பிழை அவனுடையதல்ல, மாதிரி எடுக்கக் கற்றுத்தராத என்னுடையது.

ஆகவே இம்முறை திட்டம் குளோரைடு என்ற ஒரே பொருளைச் சுற்றி அமைகிறது. குளோரைடு மண்ணில் ஒட்டிக்கொள்வதில்லை, சிதைவதில்லை. தண்ணீரோடு தண்ணீராக நகரும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் இருக்கும் என்பதால், நூற்றுக்கு நான்கு பங்கு கடல்நீர் கலந்தாலே 760 வந்துவிடும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 250 வரை ஏற்கிறது. வேறு நீராதாரம் இல்லாதபோது 1,000 வரை அனுமதிக்கிறது.

முதல் வாரம் தெருவை நடந்து பார்த்து, கேள்வியைத் தீர்மானித்து, கிணறுகளை வரைபடத்தில் குறிப்பது. வீட்டுக்காரர் பெயர் எழுத மாட்டோம், எண் மட்டுமே. தண்ணீர் கெட்டது என்று ஊரில் பேச்சு வந்தால் வாடகைக்கு ஆள் வராது என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது.

இரண்டாம், மூன்றாம் வாரங்களில் யாரும் வெளியே போகப்போவதில்லை. இதுதான் என் திட்டத்தின் உயிர்நாடி என்பதால் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 1.65 கிராம் சோடியம் குளோரைடு கரைத்தால் அதில் குளோரைடு சரியாக 1,000 மில்லிகிராம் இருக்கும். இந்தத் தண்ணீரை, விடையைச் சொல்லாமல், ஆறு குழுக்களுக்கும் கொடுப்பேன். 10 மில்லி எடுத்து, வடிநீர் சேர்த்து 50 மில்லியாக்கி, பொட்டாசியம் குரோமேட் சில சொட்டு விட்டு, பியூரெட்டிலிருந்து 0.0141 நார்மல் சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதலில் பால் போல வெண்மையாகக் கலங்கும். குளோரைடு முழுதும் தீர்ந்த பிறகே அடுத்த சொட்டு மஞ்சளைச் செங்கல் நிறத்துக்குத் திருப்பும். அந்த முதல் மாற்றத்தில் நிறுத்த வேண்டும். வெறும் வடிநீருக்கே 0.2 மில்லி செலவாகும் என்றால் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

சென்ற மாதம் விடுமுறையில் மூன்று மாணவர்களை அழைத்து, பள்ளி போரிலிருந்து பிடித்த ஒரே பாட்டில் தண்ணீரைக் கொடுத்து, இதைச் செய்து பார்த்தேன். ஒருவன் 620 என்றான், ஒருத்தி 810 என்றாள், மற்றொருவன் 1,150 என்றான். பாட்டில் ஒன்றுதான். 1,150 சொன்னவன் 'நன்றாகச் சிவக்கட்டும்' என்று காத்திருந்தான். 620 சொன்னவன் பிப்பெட்டில் 10 மில்லிக் கோட்டுக்குக் கீழே காற்றுக் குமிழ் இருந்ததைக் கவனிக்கவில்லை. 810 சொன்னவளின் ஏட்டில் கணக்கு முழுதாக இருந்தது: செலவு 16.4 மில்லி, வடிநீருக்கானது 0.2 போக 16.2, ஒவ்வொரு மில்லிக்கும் அரை மில்லிகிராம் குளோரைடு, ஆக 10 மில்லியில் 8.1, லிட்டருக்கு 810. இரண்டாம் முறை செய்தும் 800 வந்தது. அதே பாட்டிலில் மற்ற இருவரும் என் கண் முன்னால் மறுபடி செய்தபோது 790-ம் 830-ம் வந்தன. ஆகவே, தெரிந்த தண்ணீரில் 900-க்கும் 1,100-க்கும் இடையே விடை வராத குழு வெளியே மாதிரி எடுக்கப் போகாது. திரும்பச் செய்யும். அதற்குத்தான் இரண்டு வாரம்.

நான்காம், ஐந்தாம் வாரங்கள் மாதிரி சேகரிப்புக்கு. போர் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சம்புக்குப் போகும் முன்னே, அதே தண்ணீரால் மூன்று முறை கழுவிய பாட்டிலில் பிடிக்க வேண்டும். கால்வாயில் மாதிரியை நானும் உடற்கல்வி ஆசிரியரும் பாலத்தின் மேலிருந்து கயிற்று வாளியில் எடுப்போம். மாணவர் ஒருவரும் கரையில் இறங்க மாட்டார். கடல் ஓதத்தின்போது கால்வாய் நீர் ஏறி இறங்குவதால் எடுத்த நேரத்தையும் எழுதுவோம். நேரம் எழுதாத கால்வாய் எண் எதற்கும் உதவாது.

ஆறாம் வாரத்தில் கடலா, சாக்கடையா என்ற கேள்விக்கு வருவோம். கழிவுநீர் ஊறினால் குளோரைடோடு நைட்ரேட்டோ அம்மோனியாவோ கூடவே ஏறியிருக்கும். கடல்நீர் மட்டும் என்றால் குளோரைடு ஏறியும் அவை ஏறியிருக்காது. நைட்ரேட்டுக்கும் அம்மோனியாவுக்கும் நிறம் பார்க்கும் பட்டைகள் போதும். ஆனால் காற்றில்லாத மண்ணில் நைட்ரேட் நுண்ணுயிர்களால் அழிந்துவிடக்கூடும். ஆகவே 'நைட்ரேட் இல்லை, சாக்கடையும் இல்லை' என்று முடிவுகட்டும் குழுவைத்தான் நான் அதிகம் கேள்வி கேட்பேன். பாக்டீரியாவை நாங்கள் சோதிக்கப்போவதில்லை. எனவே எந்தக் குழுவும் 'குடிக்கலாம்' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி.

ஏழாம் வாரம் ஒரு குழுவின் ஏட்டை மற்றொரு குழு படித்து, புரியாத இடங்களைக் குறித்துத் தருவது. எட்டாம் வாரம் இறுதி விளக்கம், மாதிரி கொடுத்த வீட்டுக்காரர்கள் முன்னிலையில். 20 மதிப்பெண்ணை இப்படிப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொரு மாதிரியையும் இருமுறை அளந்து, கழித்த எண்ணையும் அடித்துத் திருத்திய எண்ணையும் மறைக்காமல் வைத்த ஏட்டுக்கு 6. கிடைத்த எண்ணுக்குத் தாங்கள் நம்பும் காரணத்தையும், அதற்கு எதிரான வேறொரு காரணத்தையும் ஆதாரத்தோடு வைப்பதற்கு 6. தங்கள் அளவீடு எவ்வளவு பிசகக்கூடும், எதைச் சொல்ல முடியாது என்று தாங்களாகவே சொல்வதற்கு 4. வீட்டுக்காரர் கேட்கும் கேள்விக்குப் பாடநூல் சொல் இல்லாமல் பதில் சொல்வதற்கு 4. யார் பேச வேண்டும் என்பதை அந்த இடத்தில் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்போம். நன்றாகப் பேசும் ஒருவர் மட்டும் முன்னே நிற்பதும் மற்றவர் பின்னால் நிற்பதும் இராது. மாதிரி வடிவத்துக்கும் அலங்காரத்துக்கும் மதிப்பெண் இல்லை. இதில் பெற்றோர் சிலர் வருத்தப்படலாம், பரவாயில்லை.

இனி வேண்டுகோள். முதலாவதாக, எட்டு வாரமும் வெள்ளிக்கிழமை பிற்பகல் இரு பாடவேளைகளைத் தொடர்ச்சியாக ஒதுக்க எங்கள் தலைமையாசிரியருக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன். ஒரு பாடவேளையில் பியூரெட்டைக் கழுவி நிரப்பவே பாதி நேரம் போய்விடும். இரண்டாவதாக, இந்த 20 மதிப்பெண்ணை அப்பருவத்தின் அறிவியல் அக மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ள அனுமதி வேண்டும். மூன்றாவதாக, மாதிரி எடுக்கும் தெருக்களில் வீட்டுக்காரர்களிடம் காட்ட மாநகராட்சியின் அனுமதிக் கடிதம் ஒன்று தேவை. நான்காவதாக, எங்கள் மாதிரிகளில் நான்கு பாட்டில்களைச் சென்னைக் குடிநீர் வாரியத்தின் ஆய்வகத்தில் குளோரைடுக்கும் நைட்ரேட்டுக்கும் சோதித்துத் தரப் பரிந்துரைக்க வேண்டுகிறேன். எங்கள் எண்ணோடு அதை ஒப்பிட்டு வித்தியாசத்தையும் குழந்தைகள் விளக்குவார்கள்.

கடைசியாகப் பொருள்கள். சில்வர் நைட்ரேட் இரண்டு லிட்டர் கரைசலுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே தேவைப்படும். பழுப்பு நிறப் பாட்டிலில் வைக்க வேண்டும். ஆறு பியூரெட், ஆறு பிப்பெட், நைட்ரேட் பட்டை, அம்மோனியா பட்டை, கையுறை, கண்ணாடி ஆகியவற்றின் பட்டியலை இணைத்துள்ளேன். பொட்டாசியம் குரோமேட் நச்சுப்பொருள், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. அதை நான் ஒருத்தியே கையாண்டு ஒவ்வொரு குடுவையிலும் சொட்டு விடுவேன். பயன்படுத்திய கரைசலைத் தொட்டியில் ஊற்றாமல் மூடிய கேனில் சேர்த்து வைப்போம். அதை முறையாக எடுத்துச் செல்ல மாநகராட்சி ஏற்பாடு செய்ய வேண்டும். அப்படி இல்லாமல் குரோமியத்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு நீர் தரம் பற்றிப் பேச எனக்கு மனம் வராது. எடுத்துச் செல்ல ஏற்பாடு ஆகாது என்றால், அதைத் தெரிவித்தால் போதும். சொட்டு எண்ணி அளக்கும் கள நீர்ப் பரிசோதனைப் பெட்டிகளுக்கு மாற்றிக்கொள்வேன். அவற்றில் துல்லியம் சற்றுக் குறையும், கழிவும் குறையும்.

ஜூலை இரண்டாம் வாரம் தொடங்கினால்தான் காலாண்டுத் தேர்வுக்கு முன் முடியும், வடகிழக்குப் பருவமழை கிணறுகளைக் கலக்குவதற்கு முன் கோடைக்குப் பிந்தைய எண்களும் கையில் இருக்கும். மழைக்குப் பிறகு, ஜனவரியில், அதே கிணறுகளில் மூன்றை மறுபடி அளக்க ஒரு வெள்ளிக்கிழமை போதும். ஆகவே ஜூலை 4-ஆம் தேதிக்குள் ஆணை கிடைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அறிவியல் பட்டதாரி ஆசிரியை

இணைப்பு: பொருள்பட்டியல் – 1, வார அட்டவணை – 1, விடுமுறையில் செய்த மூன்று மாணவர்களின் ஏட்டுப் பக்க நகல் – 3