"1 நிமிடம் கூட்டவும்" என்ற குறிப்பைத் திருத்துங்கள்: 800 கிராம் டிரே பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பெரிய டிரேயின் மைக்ரோவேவ் குறிப்பு 900 வாட்டுக்குக் குறைந்த அடுப்புகளுக்குப் பொருந்தாதது, உங்கள் உதவி எண்ணில் கிடைத்த தவறான பதில்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் ஃப்ரோசன் உணவு டிரேக்களை எங்கள் வீட்டில் தொடர்ந்து வாங்குகிறோம். 300 கிராம் டிரேயைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. கோழித் துண்டுகள் போட்ட 800 கிராம் டிரேதான் பிரச்சினை. பாக்கெட்டில் சொன்னபடியே சூடாக்கினால் ஓரமெல்லாம் கொதிக்கிறது, நடுவில் கரண்டியை விட்டால் பனிக்கட்டி நறநறவென்று தட்டுப்படுகிறது. வீட்டில் வயதானவர் ஒருவரும் இதைச் சாப்பிடுகிறார். அதனால் இதைச் சின்ன விஷயமாக என்னால் விட முடியவில்லை.

பெரிய டிரேயின் அட்டையில் நீங்கள் அச்சிட்டிருப்பது இதுதான்: "900 வாட்: 10 நிமிடம். 5 நிமிடம் ஆனதும் கிளறவும். சூடாக்கிய பின் 2 நிமிடம் அப்படியே வைக்கவும். அடுப்பின் வாட் குறைவாக இருந்தால் 1 நிமிடம் கூட்டவும்." சிறிய டிரேயிலும் கடைசி வரி எழுத்து மாறாமல் அப்படியே இருக்கிறது. தவறு அந்த வரியில்தான்.

வாட் குறைந்தால் நேரத்தை ஒரே அளவாகக் கூட்டினால் போதாது, அதே விகிதத்தில் பெருக்க வேண்டும். பாக்கெட்டில் உள்ள நேரத்தைப் பாக்கெட்டில் உள்ள வாட்டால் பெருக்கி, வீட்டு அடுப்பின் வாட்டால் வகுத்தால் சரியான நேரம் கிடைக்கும். உணவுக்குள் போக வேண்டிய மொத்த வெப்பம் மாறாது, அது போகும் வேகம் மட்டுமே மாறுகிறது என்பதுதான் இதற்குக் காரணம். எங்கள் அடுப்பு 700 வாட். சிறிய டிரேக்கு 900 வாட்டில் 4 நிமிடம் என்று போட்டிருக்கிறீர்கள். அதாவது 240 விநாடி. 240-ஐ 900-ஆல் பெருக்கி 700-ஆல் வகுத்தால் 309 விநாடி, கிட்டத்தட்ட 5 நிமிடம் 9 விநாடி. நீங்கள் சொன்ன ஒரு நிமிடம் இங்கே ஏறக்குறைய சரியாக வந்துவிடுகிறது. சிறிய டிரேயில் குறை தெரியாததற்கு இதுதான் காரணம்.

இதே கணக்கைப் பெரிய டிரேக்குப் போடுங்கள். 600 விநாடியை 900-ஆல் பெருக்கி 700-ஆல் வகுத்தால் 771 விநாடி, அதாவது 12 நிமிடம் 51 விநாடி. கூட்ட வேண்டியது ஏறத்தாழ 3 நிமிடம். நீங்கள் கூட்டச் சொல்வது ஒரே ஒரு நிமிடம்.

இந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 900 வாட்டில் 10 நிமிடம் என்றால் 540 கிலோஜூல் வெப்பம். 700 வாட்டில் 11 நிமிடம் என்றால் 462 கிலோஜூல். 78 கிலோஜூல் குறைகிறது. ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் தேவை. அப்படியானால் உங்கள் குறிப்பின்படி சூடாக்குகிறவருக்கு 230 கிராம் பனிக்கட்டியை உருக்கும் அளவு வெப்பம் கிடைக்காமலே போகிறது. அந்தப் பற்றாக்குறை டிரே முழுக்கச் சமமாகப் பரவுவதுமில்லை. மைக்ரோவேவ் அலைகள் உணவுக்குள் சில சென்டிமீட்டர்தான் போகும். அதிலும் உருகிய நீர் அலைகளை நன்றாக உறிஞ்சும், பனிக்கட்டியோ மிகக் குறைவாகவே உறிஞ்சும். முதலில் உருகிய ஓரம் மேலும் மேலும் சூடாகிறது, உறைந்த நடுப்பகுதி அப்படியே கிடக்கிறது. ஆக, குறைகிற வெப்பம் எல்லாம் நடுவில்தான் குறைகிறது, கோழித் துண்டுகள் இருப்பதும் அங்கேதான்.

"5 நிமிடம் ஆனதும் கிளறவும்" என்பதிலும் இதே சிக்கல்தான். 700 வாட் அடுப்பில் 5 நிமிடத்தில் டிரேயைத் திறந்தால் நடுவில் ஒரே கட்டியாக இருக்கிறது. கரண்டி இறங்காது, ஓரத்தில் இளகியதை மட்டும் புரட்டிவிட்டு மறுபடி உள்ளே வைக்க வேண்டியதுதான். பாதி நேரத்தில் கிளற வேண்டும் என்பதுதான் உங்கள் எண்ணம் என்றால், அந்தப் பாதியும் மாறியாக வேண்டும்: எங்கள் அடுப்பில் அது 6 நிமிடம் 25 விநாடி. அப்போது கிளறினால் கட்டி உடைகிறது, குளிர்ந்த நடுப்பகுதியை ஓரத்துக்குத் தள்ள முடிகிறது. கடைசி 2 நிமிடக் காத்திருப்பு மட்டும் வாட்டைப் பொறுத்து மாறாது. சூடான ஓரத்திலிருந்து நடுவுக்கு வெப்பம் கடத்தப்படும் நேரம் அது. அதை அடுப்பின் திறன் தீர்மானிப்பதில்லை. எந்த அடுப்பாக இருந்தாலும் அதைக் குறைக்கக் கூடாது என்று அட்டையில் ஒரு வார்த்தை சேர்த்தால் நல்லது.

இனி உங்கள் உதவி எண். என்ன செய்வது என்று கேட்கத்தான் அழைத்தேன். பேசியவர் மரியாதையாகவே பேசினார், அதில் குறையில்லை. அடுப்பின் பின்பக்கத் தகட்டில் என்ன வாட் போட்டிருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். 1150 வாட் என்று இருந்ததைப் படித்துச் சொன்னேன். உடனே, "உங்கள் அடுப்பு எங்கள் 900 வாட்டைவிடச் சக்தி வாய்ந்தது, அப்படியானால் நேரத்தைக் குறைக்கத்தான் வேண்டும்" என்று பதில் வந்தது. இது ஆபத்தான பதில். 1150 என்பது அடுப்பு மின்சாரத்திலிருந்து இழுக்கும் அளவு. உணவுக்குள் போகும் அளவு அதே தகட்டில், அடுத்த வரியில், வெளியீடு 700 வாட் என்று தனியாக இருந்தது. மீதி மின்சாரம், அலைகளை உண்டாக்கும் மேக்னட்ரான் என்ற பாகம் சூடாவதிலும், மின்மாற்றியிலும், விசிறியிலும், விளக்கிலும் போய்விடுகிறது. நேரக் கணக்குக்கு வெளியீட்டு வாட்டை மட்டுமே எடுக்க வேண்டும். அவர் சொன்னதை நம்பி 1150-ஐ வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் 8 நிமிடத்துக்கும் குறைவாக வந்திருக்கும். தேவையோ ஏறத்தாழ 13 நிமிடம். வாடிக்கையாளரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே "வெளியீடு எத்தனை வாட்?" என்பதுதான். அதை உங்கள் ஊழியர்களுக்குச் சொல்லித் தாருங்கள்.

தகட்டில் உள்ள வெளியீட்டு வாட்டும் நடைமுறையில் அப்படியே கிடைப்பதில்லை. அடுப்பு பழசானால் குறையும், வீட்டில் மின்னழுத்தம் இறங்கினால் குறையும், அடுத்தடுத்து ஓட்டிச் சூடேறியிருந்தாலும் குறையும். எங்கள் அடுப்பை நான் அளந்து பார்த்தேன். இதற்குச் சமையலறை வெப்பமானி ஒன்று போதும். அகலமான கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்து, வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, முழுத் திறனில் சரியாக 2 நிமிடம் ஓட்டி, உடனே கலக்கிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். எத்தனை டிகிரி ஏறியதோ அதை 35-ஆல் பெருக்கினால் வாட் கிடைக்கும். எங்கள் தண்ணீர் 22 டிகிரியிலிருந்து 40-க்கு ஏறியது. 18-ஐ 35-ஆல் பெருக்கினால் 630 வாட். பாத்திரமும் காற்றும் கொஞ்சம் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால் இது துல்லியமான கணக்கு அல்ல, ஆனாலும் சமையலுக்கு இது போதும். 630-ஐ வைத்துப் பார்த்தால் பெரிய டிரேக்கு 14 நிமிடம் 17 விநாடி வருகிறது. அந்த நேரம் வைத்து, பாதியில் கிளறி, 2 நிமிடம் காத்திருந்து நடுவில் வெப்பமானியைக் குத்தினால் 78 டிகிரி காட்டியது. உணவு நன்றாக இருந்தது. உங்கள் பொருளில் குறையில்லை என்று இதிலிருந்து எனக்கு உறுதியாகத் தெரிகிறது, குறை அட்டையில்தான்.

திறன் கூடிய அடுப்பு வைத்திருப்பவர்களுக்கோ அட்டையில் ஒரு வரிகூட இல்லை. 1200 வாட் அடுப்பில் கணக்குப்படி ஏழரை நிமிடம் வரும். ஆனால் அவ்வளவு வேகமாக வெப்பம் ஏறும்போது அது நடுவுக்குக் கடத்தப்பட நேரம் போதாது, ஓரம் காய்ந்துபோகும். நேரத்தைக் குறைப்பதைவிட, திறனை 75 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு அதே 10 நிமிடம் வைப்பது நல்லது. சராசரியாக 900 வாட் கிடைத்துவிடும். பெரும்பாலான அடுப்புகள் இதை மேக்னட்ரானை அவ்வப்போது நிறுத்தி நிறுத்தி ஓட்டித்தான் செய்கின்றன. அந்த இடைவெளியில் வெப்பம் உள்ளே பரவுகிறது. உறைந்த உணவுக்கு அது நன்மைதான்.

இதையெல்லாம் பெரிதாக்குவதாக நினைக்க வேண்டாம். 2007-இல் அமெரிக்காவில் பாட் பை என்ற, மாவுக்குள் இறைச்சி வைத்த ஃப்ரோசன் உணவு வகைகளால் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி பரவிச் சுமார் 400 பேர் பாதிக்கப்பட்டார்கள். பலரும் அதை மைக்ரோவேவில்தான் சூடாக்கியிருந்தார்கள். தங்கள் அடுப்பின் வாட் என்ன என்று அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியவில்லை என்பதும் விசாரணையில் வெளிவந்தது. அதன்பிறகு அந்தப் பாக்கெட்டுகளின் குறிப்புகள் திருத்தப்பட்டன.

எனக்குப் பணம் திரும்ப வேண்டாம், மாற்று டிரேயும் வேண்டாம். "1 நிமிடம் கூட்டவும்" என்ற வரியை எடுத்துவிட்டு, 700, 800, 900, 1000 வாட் என்று நான்கு வெளியீடுகளுக்கும் மொத்த நேரத்தையும் கிளறும் நேரத்தையும் நீங்களே சமைத்துப் பார்த்து அச்சிடுங்கள். நான் போட்ட கணக்கு தொடக்கத்துக்கு உதவும், ஆனால் டிரேயின் ஆழமும் வடிவமும் அதைக் கொஞ்சம் மாற்றக்கூடும், அதைச் சோதித்துச் சொல்ல உங்களால்தான் முடியும். அதன்கீழே, நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் எட்ட வேண்டும் என்று ஒரு வரி போடுங்கள். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு அது எந்த நேரக் கணக்கையும்விடப் பயன்படும். புதிய அட்டை வரும்வரை, பெரிய டிரேக்கான சரியான நேரங்களை உங்கள் உதவி எண்ணில் பேசுகிறவர்களிடம் இப்போதே கொடுத்துவிடலாம், அதற்கு அச்சகம் தேவையில்லை.

அட்டை எப்போது மாறும், உதவி எண்ணில் என்ன திருத்தம் செய்தீர்கள் என்பதை எழுத்துமூலம் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பெரிய டிரேயின் அட்டைப் படம், அடுப்புத் தகட்டின் படம், தண்ணீரை அளந்தபோது எழுதிய குறிப்பு ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்